மூடிய கதவுக்குப் பின்னால் வரும் கோபம்

என் மேலாளர் கோபப்படப் போகிறார் என்பது எனக்கு ஒரு சொல்லில் தெரிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் "நீங்க" என்று பேசுபவர், "நீ என்ன நெனச்சிட்டிருக்க?" என்று ஒருமைக்கு இறங்குவார். அந்த "நீ" வந்தால் அடுத்த பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று தெரியும். மேஜையில் பேனாவைத் தட்டுவார். குரல் ஏறும். போன மாதத் தவறு, அதற்கு முந்தைய மாதத் தவறு எல்லாம் வரிசையாக வெளியே வரும். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், அங்கே நிற்கிறவரிடம் சிரித்தபடி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்.

அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் குழப்பியது. எல்லார் முன்னாலும் கத்துகிறவராக இருந்தால் பார்த்த நாலு பேர் இருப்பார்கள். இவரோ வெளியே மிக மென்மையானவர். என் அணியில் ஆறு பேர், ஒருவருக்கும் அவரைப் பற்றிக் குறை இல்லை. அதனால் ஒவ்வொரு முறை வெளியே வந்ததும், "நான்தான் பெரிசு பண்றேனோ?" என்ற சந்தேகம் வரும். இரண்டு நாள் கழித்து யோசித்தால் அவர் என்ன சொன்னார் என்பதுகூடத் தெளிவாக நினைவில் இருக்காது. வயிற்றைப் பிசைந்த அந்த உணர்வு மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஒரு கட்டத்தில் கத்தலைவிட, கத்தலுக்குக் காத்திருப்பதே பெரிய வேலையாகிவிட்டது. "ஒரு நிமிஷம் வாங்க" என்று அவரிடமிருந்து மெசேஜ் வந்தால் போதும், வாய் உலர்ந்து கை சில்லிட்டுப் போகும். பாதி நேரம் அவர் கூப்பிட்டது ஒரு கையெழுத்துக்காக இருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகும் அரை மணி நேரம் வேலை ஓடாது. போனில் அந்த மெசேஜ் ஒலி எப்போது கேட்டாலும், வீட்டில் இருக்கும்போதுகூட, அதே படபடப்பு. மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறியதாகப் பள்ளியில் படித்த பாவ்லோவின் சோதனை எனக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. நாயின் மணிக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் சாப்பாடு வந்தது. எனக்கோ எப்போதாவதுதான் கத்தல் வந்தது. எப்போது என்று தெரியாததால் எல்லா மெசேஜுக்கும் உடம்பு தயாராக நின்றது.

இது புரிந்த பிறகு நான் முதலில் செய்தது எண்ணிப் பார்த்தது. வேறு துறையில் இருக்கும் மூத்த தோழி ஒருவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் கேட்டார்: "எப்பவுமே கத்துறார்னு சொல்றியே, போன மாசம் எத்தனை தடவை?" எனக்குப் பதில் தெரியவில்லை. "தினமும் மாதிரிதான் இருக்கு அக்கா" என்றேன். "மாதிரி வேண்டாம். எழுதி வை" என்றார்.

சின்ன நோட்டு ஒன்று வாங்கி, அவர் அறைக்குள் போன ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினேன். கத்திய நாள் மட்டுமில்லை, சும்மா பேசிவிட்டு வந்த நாளும். இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். கெட்ட நாட்களை மட்டும் எழுதினால் நோட்டு முழுக்கக் கத்தலாகத்தான் இருக்கும், பயம் இன்னும் வலுக்கும். தேதி, நேரம், எதற்காகக் கூப்பிட்டார், குரல் உயர்ந்ததா, எவ்வளவு நேரம். அவ்வளவுதான்.

14 வாரம் எழுதினேன். 41 முறை உள்ளே போயிருக்கிறேன். அவர் கத்தியது 6 முறை. இந்த எண்ணை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆறு முறை என்பது குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முறைகூட நடந்திருக்கக் கூடாது. ஆனால் நான் 41 முறையும் பயந்துகொண்டே போயிருக்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்த ஆறில் நாலு செவ்வாய்க்கிழமை மதியம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செவ்வாய் காலையில் அவர் தன்னுடைய மேலதிகாரிகளிடம் போய்க் கணக்குச் சொல்லிவிட்டு வருவார். அங்கே வாங்கியது இங்கே இறங்கியது. மீதி இரண்டில் ஒன்றுக்கு என்னுடைய தவறு காரணம். இன்னொன்றுக்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை.

இதனால் நடைமுறையில் இரண்டு மாறின. அந்தச் செவ்வாய் மதியங்களில் தள்ளிப்போடக்கூடிய எதையும் அவரிடம் நானாகக் கொண்டுபோவதை நிறுத்தினேன். விடுப்பு கேட்பதும் கெட்ட செய்தி சொல்வதும் புதன் காலைக்குப் போயின. கெட்ட செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. அவசரமென்றால் அன்றே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கோபத்துக்கு நாமே விறகு வைத்ததாகிவிடும். இரண்டாவது, "ஒரு நிமிஷம் வாங்க" என்று வந்தால் உடனே எழுந்து ஓடாமல், "வர்றேன் சார். எதைப் பத்தின்னு சொன்னீங்கன்னா அந்த ஃபைலோட வர்றேன்" என்று பதில் போட்டேன். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, வேலைக்கும் நல்லது. பெரும்பாலும் "ரிப்போர்ட் பத்தி", "லீவ் பத்தி" என்று பதில் வந்துவிடும். எதற்கு என்று தெரிந்து போவதற்கும் தெரியாமல் போவதற்கும் உடம்பில் இருக்கும் வித்தியாசம் எனக்கு முதல் வாரமே தெரிந்தது.

இனி, உள்ளே கோபம் வெடித்த பிறகு என்ன செய்வது என்பது. அதற்கு முன் நான் செய்து பார்த்துத் தோற்றவற்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, விளக்கம் சொல்வது. "சார், அது எப்படி ஆச்சுன்னா..." என்று நான் தொடங்கிய ஒவ்வொரு வாக்கியமும் அவர் காதில் சாக்காகத்தான் விழுந்தது. இரண்டாவது, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது. ஒரு தடவை "தப்புதான் சார்" என்றால் பேச்சு நகரும். ஆறு தடவை சொன்னால் அந்தத் தவறு ஆறு மடங்கு பெரிசாகிவிடும். மூன்றாவது, "கோபப்படாதீங்க சார்" என்பது. இதை யாரும் செய்ய வேண்டாம். எனக்கு அதன் விலை இன்னும் பத்து நிமிடம்.

அந்த நேரத்தில் நம் மூளை சரியாக வேலை செய்யாது, இது மனபலத்தின் குறை இல்லை. தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிப் போகும்போது எதிராளி சொல்வதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் திறனே குறைந்துவிடுகிறது என்று சொல்கிறார். அதிலிருந்து இறங்க குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். அவர் பார்த்தது கணவன் மனைவியரை. ஆனாலும் அந்த அறையில் எனக்கு நடந்தது அப்படியே அதுதான். தெரிந்த பதில்கூட வாயில் வராது. அதனால் அங்கே சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்ற திட்டமே தப்பு. யோசிக்காமல் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு அது எழுதுவது. நோட்டும் பேனாவும் இல்லாமல் அவர் அறைக்குள் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். குரல் ஏறியதும் தலையைக் குனிந்து எழுதத் தொடங்குவேன். எல்லாவற்றையும் இல்லை. அவர் பேச்சில் வேலை சம்பந்தப்பட்டது எதுவோ அதை மட்டும். "உனக்குப் பொறுப்பே கிடையாது" என்பது வேலை இல்லை, அது எழுதப்படாது. "ரெண்டு பக்கத்துல ரெண்டு எண்" என்பது வேலை, அது எழுதப்படும். அரிசியில் கல் பொறுக்குவதைப் போலக் காது இந்தப் பொறுக்கும் வேலையில் இறங்கிவிட்டால், வசவு உள்ளே போவது குறைகிறது. எழுதும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்வேன். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும் என்பது உடலியல். எதிரே இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

ஒரு நாள் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். ஆறில் என் தவறால் வந்தது என்று சொன்னேனே, அது. வாடிக்கையாளர் ஆர்டர்களைப் பற்றிய மாதாந்திர ரிப்போர்ட். இரண்டாம் பக்கத்தில் மொத்தம் 412 என்றும் ஐந்தாம் பக்கத்தில் 397 என்றும் இருந்தது. ரத்தான 15 ஆர்டரை ஒரு பக்கத்தில் சேர்த்திருந்தோம், இன்னொரு பக்கத்தில் கழித்திருந்தோம். அதை ஒரு வரி அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அவருக்கு மேலே இருப்பவர் அதைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

கதவை மூடச் சொன்னார். "நீ இதைப் படிச்சியா இல்லையா? படிச்சா எப்படி இது கண்ணுல படல?" நான் நோட்டில் எழுதினேன்: பக்கம் 2, 412. பக்கம் 5, 397. அவர் போன வருடத்துக்குப் போனார், என் அணிக்குப் போனார், என்னை எதற்கு இந்தப் பொறுப்பில் வைத்தோம் என்பதற்குப் போனார். நான் எழுத ஒன்றும் இல்லை. பேனா தாளிலேயே இருந்தது. காது சூடாகி, கண்ணில் நீர் முட்டியது. எழுதிய எண்ணை மறுபடி அதன் மேலேயே எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, 397 மட்டும் தடித்து அழுத்தமாக இருக்கும்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்க வேண்டும். உச்சத்தில் குறுக்கே பேசினால் குரல் இன்னும் ஏறும், இதை நான் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். "சார், நான் குறிச்சதைப் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க. ரெண்டாம் பக்கத்துல 412, அஞ்சாம் பக்கத்துல 397. ரத்தான 15 ஆர்டரால வந்த வித்தியாசம். குறிப்புப் போடாதது என் தப்பு. நாலு மணிக்குள்ள திருத்தி அனுப்பிடறேன். வேற ஏதாவது சேர்க்கணுமா சார்?" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் பரவாயில்லை, மெதுவாகப் படித்தால் போதும்.

கேள்வியில் முடிக்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கேள்வி வந்தால் அவர் பதிலைத் தேட வேண்டியிருக்கிறது. "முந்தின மாசமும் இப்படி இருக்கான்னு பாரு" என்றார். அதையும் எழுதிக்கொண்டு எழுந்தேன். கடிகாரப்படி உள்ளே இருந்தது 11 நிமிடம். அதில் வேலை இருந்தது நோட்டில் மூன்று வரி.

வெளியே வந்ததும் நேராக இருக்கைக்குப் போகவில்லை. படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கி ஏறினேன். அந்த 20 நிமிடம் எந்த மெயிலுக்கும் பதில் எழுதுவதில்லை, யாரிடமும் இதைப் பேசுவதுமில்லை. சூட்டோடு சூடாகப் பேசினால் அலுவலகம் முழுக்கப் பரவும், நமக்கும் ஆறாது. ஆனால் எனக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரே சொல்லில் பெயர் வைத்துப் பார்ப்பேன். பயம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று தேடியபோது கிடைத்த சொல் வெட்கம். கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்ற வெட்கம். அது தெரிந்ததும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. வெட்கப்பட வேண்டியது கத்தினவர், நான் இல்லை.

நாலு மணிக்குள் ரிப்போர்ட்டைத் திருத்தி ஒரு மெயில் போட்டேன். "இன்று பேசியபடி" என்று தொடங்கி, திருத்தியது என்ன, முந்தைய மாதத்தைப் பார்த்ததில் தெரிந்தது என்ன, இனி ரத்தானவற்றைத் தனி வரியில் காட்டுவோம் என்று நாலு வரி. கத்தியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த மெயில் ஒரு வகையில் பாதுகாப்பு. பின்னால் "சொன்னேன், செய்யல" என்ற பேச்சு வராது.

கத்தியது பதிவாக வேண்டிய இடம் வேறு. அது என் சொந்த நோட்டு. அதே நாளில், மறப்பதற்குள், தேதி, நேரம், எவ்வளவு நேரம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே. "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் அது என் கருத்து. "உன்னை எதுக்கு இங்க வெச்சிருக்கோம்னே தெரியல" என்று எழுதினால் அது நடந்தது. இதை அலுவலகக் கணினியில் வைக்கக் கூடாது. ஒரு நாள் அந்தக் கணினி நம் கையை விட்டுப் போய்விடும். அதே சமயம் அலுவலக ஃபைல்களை எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொள்வதும் கூடாது, அது நம் மேலேயே திரும்பும். ரகசியமாகக் குரல் பதிவு செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தெரிந்த வக்கீலிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அவரிடம் இதைப் பேசினேனா என்றால், பேசினேன், ஒரு முறை. ஒரு நல்ல வாரத்தின் புதன்கிழமை, அவராகவே என் வேலையைப் பாராட்டிய பிறகு. பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். "சார், ரிப்போர்ட் தப்பானபோது நீங்க கேட்டது நியாயம். ஆனா குரல் உயர்ந்தா எனக்கு நீங்க சொல்றது மனசுல ஏற மாட்டேங்குது. தப்பு இருந்தா நேரடியா சொல்லுங்க, அன்னைக்கே சரி பண்றேன். குரல் ரொம்ப உயர்ந்துட்டா, நான் அரை மணி நேரம் கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டுப் போக அனுமதி வேணும்." 14 வாரக் கணக்கை அவர் முன் வைக்கவில்லை. வைத்திருந்தால் அது குற்றப் பத்திரிகையாகியிருக்கும். கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்படித்தான், கத்திடுவேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்" என்றார். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்காக நாம் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேலதிகாரிகளிடம் போகும்போது அவருக்கு அந்தக் கோபம் வருவதே இல்லை. அடக்க முடிகிறவர்தான். கீழே இருப்பவரிடம் அடக்கத் தேவையில்லை என்று விட்டிருக்கிறார். அவர் மனதில் வைத்துக்கொள்வதில்லை, சரி, கேட்டவர் மனதில் அது தங்குகிறதே. இதில் ஒரு பகுதியை அவரிடமே சொன்னேன்: "நீங்க மறந்துடறீங்க சார். எனக்கு ரெண்டு நாள் ஆகுது." அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அனுமதி தந்தார் என்றும் சொல்ல முடியாது, மறுக்கவும் இல்லை.

அந்த வாசகத்தை நான் பயன்படுத்தியது ஒரே ஒரு முறை. "சார், இது என் பொறுப்பு, சரி பண்றேன். அரை மணி நேரம் கழிச்சு வந்து பேசறேன்" என்று சொல்லி எழுந்தேன். "உட்கார்" என்றார். கால் ஆடியது. "வந்துடறேன் சார்" என்று மறுபடி அதே தொனியில் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன். சொன்னபடியே அரை மணியில் திரும்பிப் போனேன். திரும்பிப் போவது கட்டாயம். போகாவிட்டால் அது கோபித்துக்கொண்டு வெளியேறியதாகிவிடும். அப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

நான் சொன்னதெல்லாம் ஒரு வகை மனிதருக்குத்தான் பொருந்தும்: வேலையைச் சாக்கிட்டு வந்து, இறங்கிப் போகும் கோபம் உள்ளவருக்கு. உடம்பையோ பிறப்பையோ குடும்பத்தையோ பெண் என்பதையோ இழுத்துப் பேசுகிறவர், பொருளை எறிகிறவர், கதவை மறித்து நிற்கிறவர், வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டித் தனக்கு வேண்டியதைச் செய்ய வைக்கிறவர், இவர்களிடம் நோட்டும் மூச்சும் போதாது. அங்கே 14 வாரம் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடாது. பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆம் உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தலாகலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. அதை ஏற்ற நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும் என்றாலும், "ஒரு தடவைதானே" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளாமலிருக்க அது உதவும். அப்போது எச்ஆரிடம் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் போக வேண்டும், தேதிகளோடும் அவர் சொன்ன சொற்களோடும். எச்ஆர் நிறுவனத்துக்காக வேலை செய்கிறவர்கள் என்பதையும் மனதில் வைத்துப் போக வேண்டும். வேறு வேலை தேடுவதை அதோடு சேர்த்தே தொடங்குவது நல்லது. தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, வேலைக்குக் கிளம்பும்போது வாந்தி வருகிறது என்றாலோ முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

என் மெசேஜ் ஒலியை மாற்றிவிட்டேன். அலுவலகச் செய்திக்கு ஒரு ஒலி, வீட்டுக்கு வேறு. வீட்டில் இருக்கும்போது படபடப்பு நிற்க ஒரு மாதம் ஆனது. அவர் அறைக்குப் போகும்போது இன்னும் லேசாக வாய் உலரும், அது போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துக்குப் போனால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்து வேலையைப் பார்க்கிறேன்.

போன மாதம் மறுபடி ஒரு செவ்வாய் மதியம். "நீ" என்று தொடங்கினார். நான் நோட்டைத் திறந்தேன். மூன்று நிமிடம் போயிருக்கும், அவராகவே நிறுத்தி என் பேனாவைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கீங்க, படிங்க" என்றார். இரண்டு வரிதான் இருந்தது. படித்தேன்.